எக்செல் 1.86 கோடி, கால்குலேட்டர் 1.99 கோடி: எது சரி?

"மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, வருடம் 10% கூட்டுகிறேன், 12% வருமானம், 20 வருடம். என் எக்செல் 1.86 கோடி காட்டுகிறது, இணையக் கால்குலேட்டர் 1.99 கோடி காட்டுகிறது. எங்கே தப்பு?"

தப்பு எங்கேயும் இல்லை. மாத வட்டியைத்தான் இரண்டும் வேறு வேறாக எடுக்கின்றன. கால்குலேட்டர் 12-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 1% போடுகிறது. அது கூட்டு வட்டியாகச் சேரும்போது வருடத்துக்கு 12.68% ஆகிவிடும். ஃபண்டுகள் சொல்லும் 12% வருடக் கணக்கு என்பதால், உங்கள் எக்செலில் உள்ள மாதம் 0.949% தான் பொருத்தம்; அது கூட்டு வட்டியாகச் சேர்ந்தால் வருடத்துக்கு 12% ஆகும். நான் 1.86-ஐயே நம்புவேன்.

சரிபார்க்க, ஒரே செல்லில் இதைப் போடுங்கள்:

```
=FV(1.12^(1/12)-1,12,-10000,0,1)*(1.12^20-1.1^20)/(1.12-1.1)
```

முதல் பகுதி ஒரு வருடத் தவணைகள் வருட முடிவில் எவ்வளவு ஆகும் என்பது: 1,27,665. மீதி, வருடாவருடம் கூடுவதைக் கவனித்துக்கொள்ளும். மொத்தம் சுமார் 1.863 கோடி வரவேண்டும். வருமானமும் உயர்வும் ஒரே சதவீதமானால் `#DIV/0!` வரும், பயப்படாதீர்கள்.

அப்புறம், உங்கள் அட்டவணையில் 20-ஆம் வருடத் தவணையைப் பாருங்கள். 61,159 இருந்தால் சரி. 67,275 என்றால் முதல் வருடத்திலேயே 10% கூட்டிவிட்டீர்கள்.

அந்த 61,159-ஐ மாதாமாதம் உண்மையிலேயே கட்ட முடியுமா? எனக்கு 1.86-ஆ 1.99-ஆ என்பதைவிட அந்தக் கேள்விதான் உறுத்துகிறது. மொத்தமாக நீங்கள் கட்டப்போகும் 68.73 லட்சத்தில் பாதிக்கு மேல் கடைசி ஏழு வருடங்களில்தான் வருகிறது.