பழைய நம்பர் போய்விட்டால் கூகுள் கணக்கு

"பழைய நம்பரை சரண்டர் செய்துவிட்டேன், ஓடிபி அதற்குத்தான் போகிறது. ஜிமெயிலைத் திறக்க வழி உண்டா?"

உண்டு. அந்த நம்பர் உங்கள் கணக்கு அல்ல, வந்திருப்பது நீங்கள்தானா என்று பார்க்க கூகுள் வைத்திருக்கும் 'மீட்பு எண்' மட்டுமே. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி மாதிரி, அவர்கள் காலி செய்துகொண்டு போனாலும் உங்கள் வீடு உங்களுடையதுதான். ஆனால் சாவி இப்போது யார் கையில் என்பதுதான் கவலை, ஏனென்றால் இந்தியாவில் துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

ஏதாவது ஒரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இன்னும் லாகின் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் லாக்அவுட் செய்யாமல், myaccount.google.com போய் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண்ணை மாற்றுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும், மாற்றிய பிறகும் சில நாள் பழைய எண்ணுக்கே குறியீடு போகலாம், பதறாதீர்கள்.

எங்குமே லாகின் இல்லையென்றால் g.co/recover. பழைய எண்ணைக் காட்டும்போது Try another way அழுத்தினால், நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தால், மீட்பு மின்னஞ்சலுக்குக் குறியீடு வரும். இதை பிரவுசிங் சென்டரில் செய்யாதீர்கள், வழக்கமாக லாகின் செய்த அதே சாதனம், அதே வீட்டு வைஃபை என்றால் கூகுள் நம்புவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆதார் நகலைக் காட்டினால் கஸ்டமர் கேரில் திறந்து கொடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஜிமெயிலுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவர் மோசடிக்காரர்தான்.