22 பக்க நடத்தை விதியில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் 14 பேரை வைத்து பவர்டேபிள் யூனிட் நடத்துகிறேன். ஆர்டர் தரும் முன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, 22 பக்க ஆங்கில சப்ளையர் நடத்தை விதியில் கையெழுத்துக் கேட்கிறது. எல்லோரும் படிக்காமல்தான் போடுகிறார்களாம். நானும் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அதை ஒரே தாளுக்குச் சுருக்குங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து "shall", "must" வரும் வரிகளை மட்டும் கோடிடுங்கள். அவைதான் உங்களைக் கட்டுப்படுத்தும். "should", "endeavour" என்பவை பெரும்பாலும் முயற்சி செய்யச் சொல்பவை. கோடிட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இன்று செய்கிறோமா, காட்ட என்ன ஆவணம் இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்களைப் போன்ற யூனிட் சிக்குவது பெரும்பாலும் வேலை நேரத்தில்தான். இத்தகைய விதிகள் பலவற்றில் ஓவர்டைம் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரமே உச்சவரம்பு. ஷிப்மென்ட் வாரத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் 12 மணி வீதம் ஆறு நாளுக்கு 72 ஆகிவிடும். அந்த அரை ஷிப்டுக்கு அரை ஷிப்ட் கூலியே கொடுப்பது ஊர்வழக்கம். சட்டம் கேட்பதோ ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. வருகைப் பதிவேட்டைத் திருத்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு விடுமுறை என்று பதிவேட்டில் இருக்கும். ஒடிந்த ஊசி நோட்டில் அதே ஞாயிறு தேதியோடு ஊசி ஒட்டியிருக்கும். விதியைச் சோதிக்க வரும் ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

அடுத்தது காஜா பட்டன். அதை வெளியே கொடுக்கிறீர்கள் என்றால், எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் சப்-கான்ட்ராக்ட் கூடாது என்ற வரி உங்களுக்கும் பொருந்தும். அந்த யூனிட்டின் பெயரையும் முகவரியையும் இப்போதே தெரிவித்துவிடுங்கள்.

ஆள் கணக்கையும் பாருங்கள். பத்துப் பேரைத் தாண்டிவிட்டதால் ஈஎஸ்ஐ பதிவும், பாலியல் புகார்களுக்கான உள் குழுவும் உங்களுக்குக் கட்டாயம். பிஎஃப் 20 பேரிலிருந்துதான். பிஎஃப் வரிக்கு எதிரே "பொருந்தாது, மொத்தம் 14 பேர்" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

இல்லாததை இருக்கிறது என்று தெரிந்தே எழுதி ஆர்டர் வாங்கினால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அது மோசடி. கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், நஷ்டஈடும் கேட்கலாம். ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள்: "உள் குழு இன்னும் அமைக்கவில்லை, 30 நாளில் அமைப்போம். காஜா பட்டன் வெளியே செய்கிறோம், அனுமதி கோருகிறோம். இரண்டு ஷிப்மென்ட் வாரங்களில் 60 மணி தாண்டியது. இனி கூடுதல் டெய்லர் வைப்போம்." முடியும் என்ற தேதியை மட்டும் எழுதுங்கள். அவர்கள் மெயிலில் ஏற்ற பிறகே கையெழுத்து.

கடைசியாக, "as amended from time to time" என்ற சொற்கள் இருந்தால், நாளை அவர்கள் மாற்றுவதற்கும் இன்றே சம்மதித்தவர் ஆகிவிடுவீர்கள். அதை அடித்துவிட்டு, விதியின் பதிப்பு எண்ணையும் தேதியையும் கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட வேண்டும்.