பெயர் தெரியாத தேநீர்க்கடைக்கு ஒரு விளம்பரம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு அச்சகத்தில் விளம்பர வாசகங்கள் எழுதுகிறேன். புதிதாகத் தேநீர்க்கடை திறக்கும் ஒருவர், திறப்பு விளம்பரத்துக்கு வாசகம் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடையின் பெயர், இடம், நாள், விலை எதுவும் தெரியாது. நாளைக்குள் ஒரு மாதிரி கொடுக்க வேண்டும். கடையின் வகையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்படிப்பட்ட நேரத்தில் கை தானாக எழுதிவிடும் வாசகம் எனக்கும் தெரியும்: “உலகத் தரம், பாரம்பரியச் சுவை, திறப்பு நாளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.” இதில் எதுவுமே கடைக்காரர் சொன்னதல்ல. இன்னும் திறக்காத கடைக்குப் பாரம்பரியம் இருக்க முடியாது. தரத்தைக் குடித்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். இலவசம் என்பதோ வெறும் அலங்காரச் சொல்லன்று. அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து கேட்டால், கடைக்காரர் தம் கைக்காசைப் போட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது முதல் நாளே மறுத்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்.

கடையின் வகையிலிருந்தே உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவர் ஏற்கெனவே எங்கோ குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தேநீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய வழக்கமான கடையைக் குறை சொல்லவும் கூடாது, ஏனென்றால் அது அவருடைய தேர்வைக் குறை சொல்வதாகிவிடும். ஒரே ஒரு முறை இங்கே வந்து குடிக்கும்படி கேட்டால் போதும். திறப்பு விளம்பரத்தின் வேலை அவ்வளவுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே நடுவரியாக “உங்கள் அடுத்த தேநீரை எங்கள் கடையில் குடித்துப் பாருங்கள்” என்று எழுதுவேன். அதில் பொய்யாகக்கூடியது எதுவும் இல்லை.

இனி, தெரியாதவற்றுக்கு இடம் விடுவது. தமிழில் இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். “______இல் புதிய தேநீர்க்கடை” என்று வாக்கியத்துக்குள் கோடு போட்டுவிட்டால், பிறகு நிரப்பும்போது வேற்றுமை உருபு ஒட்டாது. தெரு என்றால் தெருவில், சாலை என்றால் சாலையில், நகர் என்றால் நகரில், அரங்கம் என்றால் அரங்கத்தில் என்று ஒவ்வொரு சொல்லும் தன் போக்கில் மாறும். அவசரத்தில் நிரப்புபவர் “சாலைஇல்” என்று அச்சேற்றிவிடுவார். கடைப் பெயருக்கும் இதே சிக்கல்தான். ஆகையால் கோடிட்ட இடம் எப்போதும் எழுவாயாக, உருபு எதுவும் ஏற்காமல், தனி வரியில் நிற்க வேண்டும். திறப்பு நாளுக்கும் அப்படியே தனி வரியில் இடம் விடுங்கள். “இன்று முதல்”, “நாளை முதல்” என்ற சொற்கள் தாள் மறுநாள் ஒருவர் கைக்குக் கிடைத்தால் தவறாகிவிடும்.

நீங்கள் கொடுக்கக்கூடிய மாதிரி இது:

______ (கடையின் பெயர்)
புதிய தேநீர்க்கடை
உங்கள் அடுத்த தேநீரை எங்கள் கடையில் குடித்துப் பாருங்கள்.
திறக்கும் நாள்: ______
நேரம்: ______
இடம்: ______
அடையாளம்: ______

“தேநீர்க்கடை” என்பதில் வல்லினம் மிகும், “தேநீர் கடை” என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள். அடையாளம் என்ற வரியை இடமில்லை என்று நீக்கிவிடவும் வேண்டாம். புதிய கடையைத் தேடி வருபவருக்கு முகவரியைவிட, எதற்கு எதிரில், எதற்கு அடுத்து என்பதே பயன்படும்.

மாதிரியுடன் கடைக்காரரிடம் ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்: தேநீரைக் கேட்கும்போது போட்டுக் கொடுப்பாரா, முன்னதாகப் போட்டுக் குடுவையில் வைத்திருப்பாரா? தேயிலை வெந்நீரில் நெடுநேரம் கிடந்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறும், வடிகட்டிய பிறகும் சூட்டிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் மணம் குறையும். தேநீர் குடிப்பவருக்கு இது நாக்கிலேயே தெரியும் என்பதால், “கேட்டவுடன் புதிதாகப் போட்ட தேநீர்” என்ற வரி எந்த அடைமொழியையும்விட நம்பும்படி இருக்கும். ஆனால் அது கடைக்காரர் ஒவ்வொரு கோப்பையிலும் காப்பாற்ற வேண்டிய வாக்குறுதி. அவர் ஆம் என்றால் நடுவரிக்கு மேலே அதைச் சேருங்கள். பதில் வராவிட்டால் அதை விட்டுவிட்டு, மேலே உள்ள மாதிரியை நிரப்பி அப்படியே அச்சுக்கு அனுப்பலாம்.

அன்புடன்.