வாங்கும் முன் கேளுங்கள்: ஆராகாஸ்ட்

எங்கள் குடியிருப்பின் முதியோர் கூடத்துக்கு ‘ஆராகாஸ்ட் டிரான்ஸ்மிட்டர்’ என்று ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். இரண்டு ஹெட்போன் சேருகிறது, மூன்றாவது சேரவில்லை. விற்றவர் ஹெட்போன் பழசு என்கிறார்.
– சங்கச் செயலாளர், கோவை

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சாதாரண புளூடூத் தொலைபேசி அழைப்பு மாதிரி. இரு கருவிகளும் ஒன்றையொன்று அறிந்து, ஜோடி சேர்ந்து பேசும். அதனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஹெட்போனோடு நின்றுவிடும். ஆராகாஸ்ட் புளூடூத்தின் புதிய ஒலிபரப்பு முறை, வானொலி மாதிரி. டிரான்ஸ்மிட்டர் ஒலியை வீசிக்கொண்டே இருக்கும், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எட்டும் தூரத்தில் மூன்று பேர் இருந்தாலும் முந்நூறு பேர் இருந்தாலும் அதற்கு ஒரே வேலைதான். ‘மூன்றாவது சேரவில்லை’ என்ற பேச்சே அங்கே எழாது.

விற்றவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு: பழைய ஹெட்போனால் ஆராகாஸ்டைக் கேட்க முடியாது. ஆனால் உங்களுடைய இரண்டு ஹெட்போன்கள் ஜோடி சேர்ந்தனவே, அதுவே அந்தக் கருவி பழைய முறையில் ஓடுகிறது என்று காட்டுகிறது. சில கருவிகளில் இரண்டு முறையும் இருக்கும், மாற்ற ஒரு பொத்தான் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். பிறகு ஆராகாஸ்ட் உள்ள ஃபோனும் இயர்போனும் வைத்திருப்பவர் ஒருவரைக் கூடத்துக்கு அழையுங்கள். ஃபோனில் ஒலிபரப்புகளின் பட்டியலைத் திறந்தால் உங்கள் கருவியின் பெயர் அதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பட்டியலையும் விற்பனைப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன வசதி பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020-இன் மின்வணிக விதி. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. விடாதீர்கள்.

பெட்டியில் புளூடூத் 5.3 என்று இருக்கிறது. ஆராகாஸ்ட் வரும்தானே?
– திருச்சி

வராமலும் போகலாம். இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்காக ஒரு ஹெட்போன் வாங்கினேன். பெட்டியில் பெரிதாக 5.3. 5.2-இலேயே இந்த ஒலிபரப்புக்கு வழி செய்துவிட்டார்கள் என்று படித்திருந்ததால், 5.3-இல் கட்டாயம் இருக்கும் என்று நம்பிவிட்டேன். வீட்டு டிவி ஒலிபரப்பியது. அப்பா காதில் ஒன்றும் வரவில்லை.

அந்த எண் சொல்வது எந்தப் பதிப்பின் விதிகளின்படி கருவி செய்யப்பட்டது என்பதை மட்டும்தான். அந்தப் பதிப்பில் உள்ள எல்லாவற்றையும் தயாரிப்பாளர் சேர்த்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்ஈ ஆடியோ என்ற புதிய ஒலிமுறையும், அதன் மேல் ஓடும் ஆராகாஸ்டும் அவர் விரும்பினால் சேர்ப்பவை. 5.4 என்று போட்டும் இரண்டும் இல்லாமல் விற்கலாம், அதில் சட்டப்படி பொய் இல்லை. அதனால் எண்ணை விட்டுவிட்டு ‘ஆராகாஸ்ட்’ என்ற பெயரைத் தேடுங்கள். பெட்டியில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் அதே மாடல் எண்ணுக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். ஃபோனில் செட்டிங்ஸ் தேடலில் `Auracast` என்று அடித்துப் பார்க்கலாம். ஆனால் ஃபோனில் இருந்தால் மட்டும் போதாது. ஒலி டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேராக இயர்போனுக்குப் போகிறது. எந்த ஒலிபரப்பு என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் ஃபோனின் வேலை. காதில் இருப்பதில் வசதி இல்லையென்றால் மிச்சம் எது இருந்தும் பயனில்லை.

14,000 ரூபாய் இயர்போன் வாங்கிவிட்டேன். ஆராகாஸ்ட் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஏதாவது ஆப் போட்டால் வருமா?
– சென்னை

வராது. 14,000 கொடுக்கும் முன் விவரப் பக்கத்தை ஒரு முறை படித்திருக்கலாம். தயாரிப்பாளரே மென்பொருள் புதுப்பிப்பில் கொடுத்தால்தான் உண்டு. அதற்கும் உள்ளே இருக்கும் சிப் இடம் தர வேண்டும்.

அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கப் போகிறோம். ‘ஆராகாஸ்ட் ரெடி, இனி டெலிகாயில் வேண்டாம்’ என்கிறார் கடைக்காரர்.
– மதுரை

டெலிகாயிலை விடாதீர்கள். அரங்கைச் சுற்றி ஓடும் கம்பி வளையத்திலிருந்து ஒலியைப் பிடிக்கும் சின்னச் சுருள் அது. உலகெங்கும் வளையம் உள்ள அரங்குகள் இன்னும் ஏராளம், ஆராகாஸ்ட் வந்த இடங்கள் குறைவு. ஆராகாஸ்ட் என்ற பெயரே 2022-இல் வந்ததுதான். இரண்டும் உள்ள மாடலைக் கேளுங்கள்.

அப்புறம், ‘ரெடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பல நேரம் அதற்கு, இன்று வேலை செய்யாது, பின்னால் புதுப்பிப்பு வரும் என்றுதான் பொருள். இன்றே கேட்குமா என்று கேளுங்கள். கேட்கும் என்றால் கடையிலேயே ஒரு ஒலிபரப்பை அம்மாவின் காதில் கேட்க வைக்கச் சொல்லுங்கள். பிறகு வரும் என்றால் எந்தத் தேதிக்குள், இலவசமாகவா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வசதி இல்லை என்றே வைத்து விலை பேசுங்கள்.

வீட்டு டிவியை ஆராகாஸ்டில் போட்டால் பக்கத்து ஃபிளாட்டில் கேட்குமா?
– தாம்பரம்

கேட்கலாம், சுவர் அதை முழுக்கத் தடுக்காது. செட்டிங்ஸில் கடவுச்சொல் போடுங்கள்.