60 பேர் பதிந்தும் மூன்றே ஆர்டர்

வணக்கம்.

கேமரா, லென்ஸ், ட்ரைபாட், லைட் வைத்திருப்பவர்கள் அவற்றை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கான ஒரு தளத்தை நானும் என் நண்பனும் நடத்துகிறோம். மூன்று மாதத்தில் 60 பேர் தங்கள் கருவிகளைப் பதிந்திருக்கிறார்கள். வாடகைக்குப் போனது மூன்றே முறை. தேட வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பதிந்தவர்களோ இப்போது நாங்கள் அழைத்தால் போனையே எடுப்பதில்லை. கையில் இருக்கும் பணம் நாலு மாதச் செலவுக்குத்தான் வரும், விளம்பரத்துக்கு வழியில்லை. நாங்கள் முதலில் யாரைச் சேர்க்க வேண்டும், கொடுப்பவரையா, எடுப்பவரையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

60 பேர் குறைவில்லை. அந்த 60 எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கருவி, மொத்தம் 12 வகை என்று வைத்துக்கொள்வோம். வகைக்கு 5 வரும். நகரத்தை நாலு பகுதியாகப் பிரித்தால் ஒரு பகுதிக்கு ஒரு வகையில் ஒன்று, கொஞ்சம் கூட. அந்த ஒன்றும் கேட்கிற சனிக்கிழமையில் சும்மா இருக்க வேண்டும், உரிமையாளரும் உடனே பதில் சொல்ல வேண்டும். இரண்டும் பாதி நேரம் ஒத்துவந்தாலே பெரிய விஷயம். ஆகவே தேடி வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உங்கள் கடை காலி. விளம்பரம் செய்து 120 ஆக்கினாலும் தேடுபவருக்குச் சராசரியாக ஒன்றுதான் கிடைக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதே 60 பேரும் ஒரே வகையை வைத்திருந்தால் பகுதிக்கு 15, அதில் பாதி கிடைத்தாலும் ஏழு. தேடுபவர் ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பார். இதற்குப் பணம் தேவையில்லை. 11 வகைகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றிலேயே வளரும் துணிச்சல்தான் வேண்டும்.

எந்த வகையை வைத்துக்கொள்வது? பலரும் எண்ணிக்கை அதிகமுள்ள வகையைப் பிடிப்பார்கள். நான் வேறொன்றைப் பார்ப்பேன்: கேட்கிறவருக்குத் தேவைப்படும் நாளில் அந்தக் கருவி சும்மா இருக்குமா? திருமணப் படம் எடுப்பவர்களை மட்டும் சேர்த்தால் ஒருவர் கருவியை இன்னொருவர் எடுத்துக்கொள்வார், இரண்டு பக்கமும் ஒரே ஆள்கள் என்று தோன்றும். ஆனால் எல்லோருக்கும் வேலை வருவது அதே நாள்களில்தான். பட்டியலில் 40 லென்ஸ் இருக்கும், கேட்கிற நாளில் ஒன்றும் வெளியே வராது. விற்பனைப் பொருள்களை ஸ்டூடியோவில் படமெடுப்பவர்கள் வார நாள்களில் உழைப்பவர்கள், வார இறுதியில் அவர்கள் கருவி தூங்கும். பொழுதுபோக்குக்காக நல்ல லென்ஸ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தில் பல நாள் அதைத் தொடுவதே இல்லை. இந்த இரு கூட்டத்திலிருந்தும் எடுத்து, விழாப் படம் எடுப்பவர்களுக்குக் கொடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன். விலை அதிகம் என்பதால் எப்போதாவது தேவைப்படுகிறவர் வாங்கத் தயங்குவார், மேடை நிகழ்ச்சி என்றால் அது இல்லாமலும் முடியாது.

இனி உங்கள் கேள்வி. கொடுப்பவரை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. பதிவதற்குச் செலவில்லை, அதனால் பதிவார்கள். சில வாரம் ஒன்றும் வராவிட்டால் மறந்துவிடுவார்கள். அப்புறம் நிஜமாகவே ஒருவர் கேட்கும்போது பதில் வராது, அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார். எடுப்பவரை முதலில் கூட்டினாலும் காலிக் கடைதான். அதனால் ஆள்களைச் சேர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கோரிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் கேட்டபின் பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள்.

உணவகச் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான டோர்டேஷ் 2013 தொடக்கத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சாதாரணப் பக்கம், அதில் சில உணவகங்களின் மெனு பிடிஎஃப்களாக, கூடவே நிறுவனர்களின் தொலைபேசி எண். அழைப்பு வந்தால் அவர்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். 1999-இல் இணையக் காலணிக் கடையான ஜாப்போஸைத் தொடங்கியவர் காலணிக் கடைகளில் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தபின் அந்தக் கடைக்கே போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஆர்டருக்கு ஆர்டர் நஷ்டம்தான். ஆனால் எத்தனை ஆர்டரோ அத்தனைக்குத்தான் நஷ்டம். விளம்பரப் பணம் போனால் ஒரு ஆர்டர்கூட வராமலே போகலாம்.

உங்களுக்கு இது எப்படி இருக்கும்? தளத்தில் ஒரே ஒரு படிவம்: எந்த நாள், எத்தனை நாள், எந்த கேமராவுக்கு. இதில் மூன்றாவது முக்கியம், கேமராவில் லென்ஸைப் பூட்டும் அமைப்பான மவுண்ட் பொருந்தாவிட்டால் அந்த லென்ஸ் இருந்தும் இல்லாததற்குச் சமம். கோரிக்கை வந்ததும் 60 பேரில் பொருத்தமானவர்களை நீங்களே அழையுங்கள். 'சனிக்கிழமைக்கு ஒருவர் காத்திருக்கிறார், தருவீர்களா' என்று கேட்டால் போனை எடுக்காதவரும் இரண்டாம் முறை எடுப்பார். யாரும் தரவில்லையா, வாடகைக் கடையில் எடுத்து அதே விலைக்குக் கொடுங்கள். அப்படிச் செய்யலாமா என்று கடையிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கோரிக்கைகளைப் பெற, விழாப் படக்காரர்கள் ஏற்கனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் போதும். அங்கே 'யாரிடமாவது இந்த லென்ஸ் இருக்கிறதா' என்ற செய்தி எப்படியும் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பதில் சொல்பவராக இருங்கள்.

முதல் பரிமாற்றங்களுக்கு நீங்களே நேரில் போங்கள். அடையாள அட்டை, வைப்புத்தொகை, லென்ஸின் சீரியல் எண், முன்பக்கக் கண்ணாடியின் படம் ஆகிய நாலும் இல்லாமல் கைமாற வேண்டாம். கீறலைவிடப் போலி அடையாளம் காட்டித் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரிய ஆபத்து. இந்த அளவில் ஒரு லென்ஸ் தொலைந்தால் அந்தச் செய்தி உங்கள் 60 பேருக்கும் போய்விடும்.

கொடுப்பவரைத் தக்கவைக்க இன்னொரு வழி, ஆர்டர் வராவிட்டாலும் அவருக்குப் பயன்படுகிற ஒன்றைத் தருவது. 1998-இல் தொடங்கிய ஓப்பன்டேபிள், உணவகங்களுக்கு மேசை முன்பதிவை நிர்வகிக்கும் கருவியை விற்றது. இணைய வாடிக்கையாளர் ஒருவர்கூட வராத நாளிலும் அது உணவகத்துக்குப் பயன்பட்டது. ஆனால் இதை உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். அந்த நிறுவனத்திடம் முதலீடு இருந்தது, அப்படியும் ஆரம்பத்தில் பல நகரங்களில் பரவி, பிறகு சில நகரங்களுக்குள் சுருங்கவேண்டி வந்தது. நாலு மாதத்தில் நீங்கள் மென்பொருள் கட்ட முடியாது. எது யாரிடம் எந்த நாள் இருக்கிறது என்று காட்டும் பகிர்ந்த கூகுள் ஷீட் ஒன்று போதும்.

பதிவு எண்ணிக்கையைப் பார்ப்பதை விடுங்கள். வந்த கோரிக்கைகளில் எத்தனைக்கு ஒரு நாளுக்குள் லென்ஸ் கிடைத்தது, அதில் எத்தனை கடைக்குப் போகாமல் உங்கள் ஆள்களிடமே கிடைத்தது என்ற இரண்டு எண்கள் போதும். இரண்டாவது எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் இரு பக்கமும் உருவாகிறது என்று பொருள். முதலாவது உயர்ந்தும் இரண்டாவது அசையவில்லை என்றால் நீங்கள் வாடகைக் கடைக்கு இலவசத் தரகராக இருக்கிறீர்கள், அப்போது வேறு வகைக்கு மாறுங்கள். பத்தில் எட்டுக் கோரிக்கைகள் உங்கள் ஆள்களிடமே நிறைவேறும்வரை அடுத்த லென்ஸையும் அடுத்த பகுதியையும் தொட வேண்டாம். எட்டு என்பது என் கணிப்புதான், சட்டமில்லை.

ஒருமுறை பழகியவர்கள் அடுத்த முறை உங்களை விட்டுவிட்டு நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். நடக்கும். இப்போது அதைத் தடுக்கப் போன் எண்ணை மறைப்பது, மிரட்டுவது என்று இறங்காதீர்கள். கமிஷனை எடுப்பவரிடம் சிறிதாக முதல் நாளிலிருந்தே வாங்குங்கள். அந்தச் சிறு தொகைக்கு அடையாளச் சோதனையும் வைப்புத்தொகையும் பழுதானால் பேசித் தீர்க்க ஓர் ஆளும் கிடைக்கிறது என்றால், தெரியாதவரிடம் எடுக்கும்போதாவது உங்களிடம் வருவார்கள். நண்பர்களாகிவிட்ட இருவரின் கமிஷன் போனால் போகட்டும்.