மனைவி பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டி யார் கணக்கில் சேரும்?

கேள்வி: நான் 30% வரம்பில் வரி கட்டுகிறேன். மனைவிக்கு வருமானம் இல்லை. 10 லட்ச ரூபாயை அவர் பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டிக்கு வரி இல்லாமல் போகுமா?

போகாது. நானும் இதே கணக்குப் போட்டு மூன்று வருடம் ஓட்டியவன். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதித் தரும் 15ஜி படிவத்தை மனைவி கொடுத்தார், வங்கி டி.டி.எஸ். பிடிக்கவில்லை, வேலை முடிந்தது என்றிருந்தேன். ஆடிட்டர் பாஸ்புக்கைப் பார்த்து முதலில் கேட்டது, "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்றுதான். விடுபட்ட வரியை வட்டியோடு சேர்த்துக் கட்டினேன்.

மனைவிக்குப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. கணவன் தரும் அன்பளிப்புக்கு அவர் வரி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானத்தை, கொடுத்தவர் வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது 1961 வருமான வரிச் சட்டத்தின் 64 ஆவது பிரிவு. 2025 ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. எஃப்.டி. யார் பெயரில் இருக்கிறது என்பதை விட, முதல் யாருடையது என்பதே கேள்வி.

உங்கள் 10 லட்சத்துக்கு 7% என்று வைத்தால் வருட வட்டி 70,000. அது உங்கள் வருமானத்தில் சேரும். 30 சதவீதமும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்த்து 21,840 ரூபாய் வரி. ஐ.டி.ஆர்-2 படிவத்தில் கணக்குக் காட்டுபவர் என்றால், அதன் Schedule SPI என்ற பகுதியில் இதைக் காட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாத இடம் அடுத்த வருடத்தில் இருக்கிறது. அந்த 70,000 ரூபாயை அவர் மறுபடி முதலீடு செய்தால், அதில் வரும் 4,900 ரூபாய் அவருடைய வருமானம், உங்களோடு சேராது. முதல் 10 லட்சத்தின் வட்டி மட்டும் வருடா வருடம் உங்களிடமே வரும். அதனால் வட்டி முதலோடு சேர்ந்து வளரும் எஃப்.டி. வேண்டாம், இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குள் தலை சுற்றிவிடும். வட்டியை வெளியே எடுத்து, அதற்கென்றே அவர் பெயரில் தனிக் கணக்கு வைத்துப் போடுங்கள். பத்து வருடத்தில் அந்தக் கணக்கு அவருக்கே உரிய நல்ல தொகையாக வளர்ந்திருக்கும்.

அவருடைய அப்பா அம்மா கொடுத்த பணம், சீதன நகையை விற்ற பணம் என்றால் வட்டி முழுக்க அவருடையதே. உங்கள் பெற்றோர் மருமகளுக்குக் கொடுத்தால் கதை வேறு: வட்டி அவர்கள் வருமானத்தில் சேரும். வழியில் ஒரு கை மாற்றிக் கொடுப்பதும் உதவாது.

குழந்தை பெயரில் போடலாம் என்று அடுத்து தோன்றும். 18 வயதுக்குள் அங்கே விதி இன்னும் கடுமை: பணத்தைத் தாத்தா கொடுத்திருந்தாலும் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு சேரும். பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது சேராது, உதாரணத்துக்கு நடனத்துக்கு வாங்கிய சம்பளம். ஆனால் அந்தச் சம்பளத்தை எஃப்.டி. போட்டால் அதன் வட்டி மறுபடி பெற்றோரிடம்தான் வரும்.