ஏற்காட்டில் 10 அறை லாட்ஜ்: வார நாள், வார இறுதி வாடகை

கேள்வி: வார நாளில் 1500, சனி ஞாயிறு 2500 வாங்குகிறேன். வார நாளில் 3 அறைதான் போகிறது. வாடகையைக் குறைக்கலாமா?

முதலில் ஞாயிறை வார இறுதிக் கணக்கிலிருந்து எடுங்கள். ஞாயிறு மதியம் எல்லோரும் மலை இறங்கிவிடுவார்கள், அன்று இரவு அறை காலிதான். வெள்ளி, சனி இரவுகள்தான் உங்கள் வார இறுதி.

அப்புறம், ஒரு அறை போனால் கைவிட்டுப் போகும் செலவைப் பாருங்கள்: சலவை, சோப்பு, வெந்நீர், கரண்ட். அது 350 என்று வைத்தால், 1500 வாடகையில் 1150 நிற்கும், 3 அறைக்கு 3450. வாடகையை 1200 ஆக்கினால் அறைக்கு 850தான், 4 அறை போனாலும் 3400, ஆக 5 அறை போனால்தான் குறைத்ததற்கு அர்த்தம் உண்டு. அதனால் எல்லோருக்கும் குறைக்காமல், இரண்டு இரவு தங்குபவர்களுக்கு மட்டும் இரண்டாம் இரவை 1200க்குக் கொடுங்கள்.

சனிக்கிழமைக்கு வேறு வழி. புக்கிங் நோட்டில் சனி இரவுக்கு எந்தக் கிழமை எத்தனை அறை புக் ஆனது என்று எழுதி வாருங்கள். புதன் மாலைக்குள் 6 அறை போய்விட்டால் மீதி நாலை 2900க்குச் சொல்லுங்கள், ஏற்கெனவே புக் செய்தவர்களிடம் அதிகமாகக் கேட்கவே கூடாது. தொடர்ந்து நாலு வாரம் செவ்வாயிலேயே நிரம்பினால் 2500 என்பதே குறைவு. வெள்ளி மாலையிலும் பாதி காலி என்றால் 2200 வரை இறங்கலாம்.